இடைவெளிக் குறி போட்டுக் கொடுத்தும் வாசிப்பு தடுக்கித் தடுக்கி வருகிறது. எங்கே தப்பு?

நிலாச்செல்வி

வணக்கம். 1969 நிலவுப் பயணத்தைப் பற்றி ஒரு சிறிய ஒலிச்சித்திரம் செய்கிறேன். எழுதியது நான், வாசிப்பது என் சித்தி மகள். நல்ல குரல், ஆனால் மைக் முன்னால் உட்காருவது இதுதான் முதல் முறை. தப்பாக வாசித்துவிடக் கூடாது என்று ஸ்கிரிப்ட் முழுக்க நானே குறி போட்டுக் கொடுத்தேன். ஒற்றைக் கோடு சின்ன இடைவெளி, இரட்டைக் கோடு பெரிய இடைவெளி, அழுத்த வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு.

நான் வாசித்தால் 6 நிமிடம் 10 வினாடி வருகிறது. அவள் வாசித்தால் 7 நிமிடம் 50 வினாடி. நேரம்கூடப் பரவாயில்லை, கேட்பதற்குப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்குவது போல இருக்கிறது. அடிக்கோடு உள்ள இடத்தில் எல்லாம் குரல் திடீரென்று ஏறி அதட்டுகிறது. ஒரு வாக்கியம் காட்டுகிறேன் (அடிக்கோட்டுக்குப் பதில் சதுர அடைப்பு):

ஆம்ஸ்ட்ராங்கும் / ஆல்ட்ரினும் / நிலவின் தரையில் இருந்த / அந்த / [21 மணி நேரமும்] / காலின்ஸ் [மட்டும்] / தாய்க்கலத்தில் / [தனியாகச்] / சுற்றிக்கொண்டிருந்தார். //

குறியில் தப்பா, வாசிப்பவரிடம் தப்பா?

தமிழாசிரியை

இத்தனை கோடு எதற்கு அம்மா? தமிழில் நிறுத்தக் குறிகள் இருக்கின்றனவே. கால்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று இலக்கணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அதைச் சரியாகப் போட்டு, சரியாக வாசிக்கப் பழக்கினால் போதும். தனிக்குறி தேவையே இல்லை.

மேடைக்காரன்

நாங்கள் நாடகப் பிரதியில் அடைப்புக்குள் 'மௌனம்' என்று எழுதிவிடுவோம். நடிகர் அதைப் பார்த்துத் தானே அளந்துகொள்வார். ஒரு தடவை ஒருவர் அந்த 'மௌனம்' என்ற சொல்லையே உரக்கச் சொல்லிவிட்டார், அரங்கமே சிரித்தது. மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், இந்தப் பிரச்சினையே வராது.

நிலாச்செல்வி

ஐயா, இது மேடை இல்லை, தாளைப் பார்த்து வாசிப்பது. மனப்பாடம் செய்யும் அளவுக்கு நாள் இல்லை.

ஒலிக்கூடம்

முதலில் ஒரு கேள்வி. மொத்தம் எத்தனை கோடு போட்டிருக்கிறீர்கள்? அப்புறம், கோட்டுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவரிடம் என்ன சொன்னீர்கள்?

நிலாச்செல்வி

இப்போதுதான் எண்ணினேன். ஒற்றைக் கோடு 140, இரட்டைக் கோடு 30. ஒற்றைக்கு மனசுக்குள் 'ஒன்று', இரட்டைக்கு 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிக்கொள்ளச் சொன்னேன்.

ஒலிக்கூடம்

அப்படியானால் உங்கள் 100 வினாடி எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. வேகமாக எண்ணினாலும் ஓர் எண்ணுக்கு அரை வினாடி பிடிக்கும். 140 கோட்டுக்கு 70 வினாடி, 30 இரட்டைக் கோட்டுக்கு 30 வினாடி. கூட்டிப் பாருங்கள். உங்கள் சித்தி மகள் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார், அவர் மேல் குறையில்லை. குறி போட்டவர் மேல்தான்!

நீங்கள் வாசிக்கும்போது அந்த 140 இடத்திலும் நிற்கவில்லை. பல இடங்களில் குரல் லேசாக வளைகிறது, அவ்வளவுதான். அந்த வளைவை இடைவெளி என்று நினைத்துக் கோடு போட்டுவிட்டீர்கள். புதிதாக வாசிப்பவருக்குக் கோடு என்றால் சுவர், நின்றே தீருவார்.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. நீங்கள் வாசித்ததைப் பதிவு செய்து, ஒரு நாள் கழித்து, குறியே இல்லாத தாளை வைத்துக்கொண்டு கேளுங்கள். உண்மையில் சத்தம் அறுந்த இடத்தில் மட்டும் கோடு போடுங்கள். பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். 'தனியாகச் / சுற்றிக்கொண்டிருந்தார்' என்ற இடத்தில் அவர் தடுக்கினாரா?

நிலாச்செல்வி

ஆமாம்! 'தனியாகச்' என்று சொல்லிவிட்டு 'ச்'சில் தொங்கிக்கொண்டு நின்றாள். மூன்று டேக் அதற்கே போனது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஒலிக்கூடம்

அந்த 'ச்' அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளத்தான் வந்திருக்கிறது. ஒற்று மிகுந்த இடத்தில் கோடு போட்டால் வாய்க்குப் போக இடமில்லை. ஒன்று, கோட்டை எடுத்துவிட்டு இரண்டு சொல்லுக்கும் அடியில் ஒரு வளைவு போட்டு இணையுங்கள். இல்லை, அங்கே நின்றே ஆக வேண்டும் என்றால், வாசிக்கும் தாளில் அந்த 'ச்'சை அடித்துவிடுங்கள். அச்சுக்குப் போகிற பிரதி வேறு, வாசிக்கிற தாள் வேறு. (தமிழாசிரியை அம்மா மன்னிக்க வேண்டும்.)

அடுத்தது 'மட்டும்'. அதற்கு அடிக்கோடு போட்டீர்கள், அவர் 'காலின்ஸ் மட்டும்ம்' என்று அதட்டியிருப்பார். தமிழில் மட்டும், தான், கூட, ஏ எல்லாம் அழுத்தத்தைக் கையோடு கொண்டுவருகிறவை. அந்த அழுத்தம் விழுவது அவை ஒட்டியிருக்கும் சொல்லின் மேல், அவற்றின் மேல் இல்லை. 'அவன்தான் சொன்னான்' என்று சொல்லிப் பாருங்கள், குரல் ஏறுவது 'அவன்' மேல், 'தான்' பின்னாலேயே இறங்கி வருகிறது. ஆகவே இந்தச் சொற்களுக்கு எப்போதும் அடிக்கோடு வேண்டாம்.

ஒரு வாக்கியத்துக்கு ஓர் அடிக்கோடு போதும். எந்தச் சொல்லுக்கு என்பதை இந்த வாக்கியத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. இதற்கு முந்தைய வாக்கியம் என்ன?

நிலாச்செல்வி

'மூன்றாவது ஆளான மைக்கேல் காலின்ஸ் கீழே இறங்கவில்லை.'

ஒலிக்கூடம்

அப்படியானால் காலின்ஸ் யார், இறங்கினாரா என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாக வருவது 'தனியாக' ஒன்றுதான். அழுத்தம் அங்கே. முந்தைய வாக்கியம் இல்லாதிருந்தால் 'காலின்ஸ்' மேல் போட்டிருப்பேன். நான் இப்படி எழுதிக் கொடுப்பேன்:

ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவின் தரையில் இருந்த அந்த இருபத்தொரு மணி நேரமும் /
காலின்ஸ் மட்டும் தாய்க்கலத்தில் / [தனியாகச்]‿சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்பது கோடு இரண்டாகிவிட்டது. வாக்கியக் கடைசியில் இரட்டைக் கோடு தேவையில்லை, முற்றுப்புள்ளியே போதும். 'தனியாக' என்ற சொல்லுக்கு முன்னால் அரை நொடி நிற்பதே பாதி அழுத்தத்தைக் கொடுத்துவிடும், சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. இதை வாயால் சொல்லிக் கொடுங்கள்: அடிக்கோடு என்றால் 'உரக்க' இல்லை, 'கொஞ்சம் மெதுவாக, தெளிவாக'.

எண்ணை எழுத்தில் எழுதியதைக் கவனியுங்கள். 21 என்று இலக்கத்தில் இருந்தால் சிலர் 'இருபத்தி ஒண்ணு மணி' என்று தொடங்கிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

தமிழாசிரியை

ஒற்று விஷயம் நான் யோசிக்காதது, சரிதான். ஆனால் நிறுத்தக் குறியே போதும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. உங்கள் இரண்டு கோட்டையும் கால்புள்ளியாகப் போட்டாலும் அதே பலன்தானே?

ஒலிக்கூடம்

முதல் கோட்டுக்குச் சரி. இரண்டாவது இடத்தில், 'தாய்க்கலத்தில்' என்பதற்குப் பின்னால் கால்புள்ளி போட்டால் எழுத்தில் தப்பாகத் தெரியும். மறுபக்கம், 'ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகிய மூவரும்' என்று வந்தால் அங்கே உள்ள கால்புள்ளிகளில் நிற்கவே கூடாது. கண்ணுக்கான குறியும் மூச்சுக்கான குறியும் பல இடத்தில் ஒன்றாகப் போகும், ஆனால் எப்போதும் இல்லை.

பேருந்துப்பயணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் போனைப் பார்த்து வாசிக்கிறவன். பென்சிலால் கோடு, வளைவு எல்லாம் போட வழியில்லை. இணைப்புக் குறியைத் தட்டினால் சில சமயம் கட்டமாகத் தெரிகிறது. என்ன செய்வது?

ஒலிக்கூடம்

வரியை உடையுங்கள். நிற்க வேண்டிய இடத்தில் புது வரி, பெரிய இடைவெளிக்கு ஒரு வெற்று வரி. சேர்த்து வாசிக்க வேண்டியது எல்லாம் ஒரே வரியில் இருக்கட்டும். எழுத்துரு பெரிதாக இருந்தால் போன் தானாகவே வரியை மடக்கிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் வாசிப்பவருக்கும் நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். கண் தானாக நிற்கும், கோட்டை எண்ணாது.

நிலாச்செல்வி

இரண்டு நாள் கழித்து வருகிறேன். என் பதிவைக் கேட்டு மறுபடி குறித்தேன், 140 கோடு 46 ஆனது. எண்ணச் சொல்வதையும் விட்டுவிட்டேன். இப்போது 6 நிமிடம் 35 வினாடி, படிக்கட்டு போய்விட்டது.

ஆனால் கோட்டை எடுத்ததில் புதிதாக ஒன்று முளைத்தது. 'நிலவுக்குப் போன விமானியின் நண்பர் ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்' என்று ஒரு வரி. அவள் 'நிலவுக்குப் போன' என்று நிறுத்தி, 'விமானியின் நண்பர்' என்று சேர்த்து வாசித்துவிட்டாள். நண்பரே நிலவுக்குப் போய் வந்த மாதிரி ஆகிவிட்டது!

ஒலிக்கூடம்

இந்த மாதிரி இடத்துக்குத்தான் குறி கண்டிப்பாக வேண்டும். 'போன' போன்ற பெயரெச்சத்துக்குப் பின்னால் இரண்டு பெயர்கள் வந்தால், அது எதைப் பிடிக்கிறது என்பதைக் குரல்தான் சொல்லும்.

நிலவுக்குப் போன‿விமானியின் / நண்பர் ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்.

பிரதி முழுக்க 'வந்த, போன, செய்த' என்று வருகிற இடங்களை மட்டும் தனியாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அடுத்து ஒரு பெயர் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு இருந்தால் குறி போடுங்கள், இல்லை வாக்கியத்தையே மாற்றுங்கள். இங்கே நானாக இருந்தால் மாற்றிவிடுவேன்.

நிலாச்செல்வி

மாற்றிவிட்டேன். இன்னும் ஒன்று மிச்சம். ஒவ்வொரு வாக்கியமும் 'இருந்தார்', 'வந்தார்', 'சொன்னார்' என்று ஒரே மாதிரி இறங்கி முடிகிறது. நாலு வாக்கியம் தொடர்ந்து கேட்டால் தாலாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் ஏற்றம், இறக்கம் காட்ட அம்புக்குறி போடலாமா?

மேடைக்காரன்

போடுங்கள். எங்கள் ஆட்களுக்கு நான் மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டும் போடுகிறேன், நன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒலிக்கூடம்

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேல் அம்பைப் பார்த்தால் புதியவர் கேள்வி கேட்பது போல முடிக்கிறார். அடுத்த வாக்கியம் இதோடு ஒட்டி வருகிறது என்றால் இரண்டுக்கும் நடுவே ஓரத்தில் ஒரு கொக்கி மட்டும் போடுவேன், முடிந்துவிட்டது என்று குரலை இறக்காமல் இருக்க. மீதியை எழுத்தில்தான் சரிசெய்ய வேண்டும். நாலில் ஒன்றையாவது 'தனியாக இருந்தது அவர் மட்டும்தான்' என்பது போலப் பெயரில் முடியுங்கள்.

மேடைக்காரன்

எழுத்தை மாற்றினால் அது வேறு வாக்கியம் அல்லவா? வாசிப்பவருக்காக எழுத்தை வளைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நிலாச்செல்வி

இரண்டையும் முயன்று பார்க்கிறேன். முதல் பக்கத்துக்கு அம்பு, இரண்டாம் பக்கத்துக்குக் கொக்கி. சனிக்கிழமை பதிவு இருக்கிறது, முடிந்ததும் சொல்கிறேன்.