[கலைச்சொல்] ஒரு கடல் முடியும் கோட்டுக்கு என்ன பெயர்?

மலர்விழி: வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் கடல் வரைபடம் ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மொனாக்கோவில் இருக்கும் பன்னாட்டு நீர்ப்பரப்பியல் நிறுவனம் உலகக் கடல்கள் எங்கெங்கே தொடங்கி முடிகின்றன என்று 1953இல் வெளியிட்ட பட்டியல்தான் மூலம். அதில் வரும் 'லிமிட்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும். 'கடல் எல்லை' என்றால் பிள்ளைகள் நாட்டு எல்லை என்று நினைக்கிறார்கள்.

அந்தோணி: நாட்டு எல்லைதானே முக்கியம்? இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே 1974இல் போட்ட கோட்டால் எங்கள் ஊர்ப் படகுகள் படும் பாட்டை முதலில் பாடத்தில் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சுந்தரம்: தம்பி, அது இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம். டீச்சர் கேட்பது வேறு. இந்தக் கோடுகளுக்கு அரசியல் பொருள் எதுவும் இல்லை என்று அந்தப் பட்டியலே முன்னுரையில் சொல்கிறது. மாலுமிகளுக்கான அறிவிப்பும் வழிகாட்டி நூலும் தொகுப்பவர்கள், எந்தக் கடலின் கீழ் எதைப் போடுவது என்று குழம்பாமல் இருக்க வரைந்தவை. அதனால்தான் கப்பலிலிருந்து பார்த்தால் தெரிகிற முனை, கலங்கரை விளக்கம், தீவு என்று பிடித்துக்கொண்டு கோடு போட்டிருக்கிறார்கள்.

புலவர் மாசிலாமணி: 'வரம்பு' இருக்க வேறெதற்கு? 'நெடியோன் குன்றமும் தொடியோள் பௌவமும் தமிழ்வரம் பறுத்த' என்று சிலம்பே கடலை வைத்துத்தான் வரம்பு கட்டுகிறது. வரை, வரம்பு இரண்டுக்கும் எல்லை என்ற பொருள் உண்டு. 'பௌவவரம்பு' என்றே ஆக்கிவிடலாம்.

யோகன்: ஐயா, யாழ்ப்பாணத்தில் வரம்பு எண்டால் வயல் வரம்புதான். அதில் நடக்கலாம். கடலில் எங்கே நடக்கிறது? அதோடு புறநானூறு 'குணகுட கடலா எல்லை' என்கிறதே. எல்லைக்கு என்ன குறை?

கார்த்திக்: இவ்வளவு யோசிக்க வேண்டாம். கன்னியாகுமரியில் மூன்று கடல் நிறமும் தனித்தனியாகத் தெரியும் என்பார்கள். உப்பு அளவே வேறு. அது இயற்கைக் கோடு. 'நீர்ப்பிரிவு' என்று வையுங்கள்.

சுந்தரம்: பாதி சரி. ஆறுகள் கொட்டுவதால் வங்கக் கடல் மேல்நீரில் உப்பு குறைவு, அரபிக்கடலில் அதிகம். ஆனால் அந்த நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவத்தில் வங்கத்து நீர் இலங்கையைச் சுற்றி மேற்கே வருகிறது. தென்மேற்கில் அரபிக்கடல் நீர் கிழக்கே போகிறது. உப்பை வைத்துக் கோடு போட்டால் பருவத்துக்குப் பருவம் அழித்து வரைய வேண்டும்.

இன்னொன்று. அந்தப் பட்டியல்படி குமரியில் மூன்று கடல் சேரவே இல்லை. இலட்சத்தீவுக் கடலின் மேற்குக் கோடு கார்வார் அருகே சதாசிவகட் கலங்கரை விளக்கத்தில் கிளம்பி, இலட்சத்தீவு, மாலத்தீவுகளின் மேற்குப் புறமாக அட்டு பவளத்தீவின் தென்முனை வரை இறங்குகிறது. அங்கிருந்து இலங்கையின் தென்கோடி தொண்ட்ராவுக்கு இன்னொரு கோடு. வடகிழக்கில் ஆதம் பாலம். ஆக, குமரியைச் சுற்றியிருப்பது முழுக்க இலட்சத்தீவுக் கடல். அங்கிருந்து நேர் தெற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் இந்தியப் பெருங்கடல். தனுஷ்கோடிக்கு வடக்கே வங்கம், தெற்கே இலட்சத்தீவு. கொச்சிகூட அரபிக்கடலில் இல்லை!

யோகன்: தொண்ட்ரா இல்லை, தெய்வேந்திரமுனை எண்டு எழுதுங்கோ.

கார்த்திக்: கொச்சியில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மலர்விழி: எங்கள் பாடநூலும் முக்கடல் என்றுதானே சொல்கிறது! அப்படியானால் யார் சொல்வது செல்லும்?

சுந்தரம்: யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, டீச்சர். உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டால் பட்டியல், இல்லாவிட்டால் இழுபறி. 1937 பதிப்பில் இருந்த, அண்டார்டிக்காவைச் சூழ்ந்த தென்பெருங்கடல் 1953இல் காணாமல் போனது. 2002இல் புதிய வரைவு வந்தது. ஜப்பான் கடலா கிழக்குக் கடலா என்று ஜப்பானும் கொரியாவும் விடாமல் நின்றதில் அது இன்றுவரை ஏறவில்லை. 2020இல்தான் பெயருக்குப் பதில் ஒவ்வொரு பரப்புக்கும் ஓர் எண் கொடுத்துப் புதிய தரவுத்தொகுப்பு செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள்.

புலவர் மாசிலாமணி: எண்ணா! முந்நீர், பரவை, ஆழி, புணரி என்று இத்தனை பெயர் வைத்த மொழியில்...

மலர்விழி: ஐயா, வெள்ளிக்கிழமை. 'கடல்வரம்பு' என்று போடுகிறேன், நாட்டுக் கோட்டுக்கு 'கடல் எல்லை' இருக்கட்டும். குமரிக்குக் கீழே 'இலட்சத்தீவுக் கடல்' என்றும், வழக்கில் முக்கடல் என்று ஒரு குறிப்பும்.

சுந்தரம்: சரி.

கார்த்திக்: எனக்கு ஒப்பில்லை, ஆனாலும் சரி.

யோகன்: 'எல்லை'க்கே என் வாக்கு. நாட்டுக் கோட்டை 'அரச எல்லை' ஆக்கினால் குழப்பமே இல்லை.

அந்தோணி: அந்த வரைபடத்தில் 1974 கோடும் இருக்குமா, டீச்சர்?