குறுவைக் கட்டுரையை வீடியோவாக்க எதை வெட்டுவது?

திருவாரூர்_விதை: குறுவை நாற்றங்கால் பற்றி 1,200 வார்த்தைக் கட்டுரை கையில இருக்கு. மேட்டூர் திறப்பு, ரகத் தேர்வு, உப்புத் தண்ணியில விதை பிரிக்கிறது, விதை நேர்த்தி, நாற்றங்கால் உரம்னு அஞ்சு பகுதி. மூணு நிமிஷ வீடியோவுக்கு எதை விடறது?

பாபநாசம்_பண்ணை: எதையும் விடாதீங்க. பகுதிக்கு அரை நிமிஷம் போதும். விவசாயிக்கு முழு விவரம் வேணும்.

அய்யம்பேட்டை_எடிட்டர்: நிதானமா பேசினா அரை நிமிஷத்துக்கு ஐம்பது வார்த்தைதான் வரும். அதுல ரகத் தேர்வைச் சொன்னா வெறும் பேர்ப் பட்டியல்தான் மிஞ்சும். எந்த வயலுக்கு எதுன்னு சொல்ல இடமே இருக்காது.

உப்புத் தண்ணியை மட்டும் எடுங்க. அஞ்சுல கண் முன்னால நடந்து முடியறது அதுதான். முதல்ல ஒரே வாக்கியம் எழுதுங்க: "பார்த்தவர் பதர் நெல்லைத் தானே பிரிச்செடுக்கணும்." பிறகு கட்டுரையை வரி வரியா எடுத்து, இதை நீக்கினா அந்த வேலை கெடுமான்னு கேளுங்க. மேட்டூர் ஜூன் 12 திறப்புப் பகுதி போயிடும். பிரிச்ச விதையை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசற வரி நிற்கும், ஏன்னா உப்பு ஒட்டியிருந்தா முளைப்பு கெடும். உப்பு போதுமான்னு பார்க்கத் தண்ணியில போடற முட்டை புதுசா இருக்கணும்கிற வரியும் நிற்கும். பழைய முட்டை வெறும் தண்ணியிலயே மிதந்துடும், கரைசல் சரியாயிடுச்சுன்னு ஏமாந்துடுவாங்க.

தாளை ரெண்டாப் பிரிச்சு இடது பக்கம் தெரியறதையும் வலது பக்கம் பேசறதையும் எழுதுங்க. முதல் காட்சி வாளியில முட்டை அடியில கிடக்கிறது. உப்பு போடப் போட மேலே வந்து, நாலணா அளவு வெளியே தெரியற வரைக்கும் பேச்சே வேண்டாம். அதனால மூணு நிமிஷத்துக்கு 300 வார்த்தை எழுதாதீங்க, 200 போதும்.

கும்பகோணம்_மடல்: எங்க வாராந்திர மடலை அப்படியே வாசிச்சு மேலே படம் ஓட்டறோம். அதுக்கும் இது பொருந்துமா? கோயில் குளம், பஸ் நேரம், சந்தை விலைன்னு மூணு செய்தி.

அய்யம்பேட்டை_எடிட்டர்: உங்களுது வேற கதை. மூணையும் சேர்க்கிற ஒரு கருத்தே அதுல இல்லை. ஒண்ணை எடுத்துக்கிட்டு மத்த ரெண்டையும் மடலிலேயே விடுங்க. எழுத்துல "மேலே சொன்னபடி"ன்னா கண் திரும்பிப் போய்ப் பார்க்கும். காதுக்கு அந்த வழி இல்லை, அந்த இடங்களை மறுபடி எழுதணும்.

பாபநாசம்_பண்ணை: முட்டை சரி, ஒத்துக்கிறேன். விதை நேர்த்தியை வெட்டறது ஆபத்து. உப்புல பிரிச்சா போதும், சூடோமோனாஸ் வேண்டாம்னு ஆளுங்க நினைச்சுக்குவாங்க.

அய்யம்பேட்டை_எடிட்டர்: நியாயமான பயம். கடைசியில "அலசின விதைக்கு இனி நேர்த்தி செய்யணும்"னு ஒரே வரி வையுங்க. அளவும் நேரமும் கீழே விவரத்துல.

பாபநாசம்_பண்ணை: கீழே யார் படிக்கிறாங்க? கிலோவுக்கு 10 கிராம்னு திரையில எழுத்தாவது வரட்டும்.

திருவாரூர்_விதை: எழுத்து வந்தா எப்படிக் கலக்கறதுன்னு அடுத்த கேள்வி வரும், அது இன்னொரு நிமிஷம். அதைத் தனி வீடியோவாப் போடலாம்னு பார்க்கிறேன். முட்டைப் பகுதியை முதல்ல எழுதிட்டு இங்கேயே போடறேன்.