புதுப்பிப்பு: பிடிஎஃப் "jkpo;" சிக்கல்

"பிடிஎஃபில் 'தமிழ்' என்று இருக்கிறது, நகலெடுத்தால் 'jkpo;' என வருகிறது. ஏன்?"

கோப்பு கெடவில்லை. நண்பர் ஒருவர் சொன்னபடி இதை ஓட்டினேன்:

```
pdffonts kopu.pdf
```

எழுத்துரு பாமினி. அதில் j இருக்கும் இடத்தில் 'த' வடிவம், k-இல் 'ம', p-இல் இகரக் கொக்கி, o-வில் 'ழ', அரைப்புள்ளியில் மெய்ப்புள்ளி. கோப்பில் இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். நகலில் அவையே வருகின்றன. பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டியதும் சரியாகிவிட்டது.

"பாமினியை நிறுவினால் போதும்" என்றார் இன்னொருவர். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உண்மைதான். ஆனால் 'தமிழ்' எனத் தேடினால் அகப்படாது.

'கொடி' என்பது 'ெகாடி' ஆகிறது என்று கேட்டவருக்கு: அது வேறு கோளாறு. எழுத்துரு யூனிகோட்தான், ஆனால் கொம்பு பார்வை வரிசையில் முன்னே பதிவாகியிருக்கிறது. பாமினி மாற்றி அங்கே உதவாது. கொம்பை மெய்க்குப் பின்னே நகர்த்த வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தும் வழி இன்னும் அமையவில்லை.