பரிந்துரைச் சீட்டு கொடுத்தும் பிள்ளைகள் சிகிச்சைக்குச் செல்லவில்லை

தொண்டி அருகே ஒரு கடலோரப் பள்ளியில் அடுத்த மாதம் மீண்டும் பல் பரிசோதனை முகாம் நடத்தவிருக்கிறோம். சென்ற ஆண்டு 34 பிள்ளைகளுக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது 5 பேர் மட்டுமே பல் மருத்துவரிடம் சென்றிருந்தார்கள்.

போகாதவர்களில் ஒரு ஏழு வயதுச் சிறுமியை மறக்க முடியவில்லை. அவளது கீழ்ப் பால் கடைவாய்ப்பல்லை ஒட்டிய ஈறில் கடுகளவு சீழ்க்கொப்புளம் இருந்தது. சீழ் வடிந்துவிடுவதால் வலி தெரியவில்லை. "விழப்போகிற பல்தானே" என்றார் தாய். அந்தப் பல் விழ ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை ஆகும்.

ஆகவே இம்முறை 6, 7 வயதினரையும் 12 வயதினரையும் மட்டும் பார்த்து, சொத்தையோடு சீழ், வீக்கம், வலி ஆகியவற்றையும் தனித்தனியே குறித்து, சீழோ வீக்கமோ உள்ளவர்களை 'உடனடி' என்று பிரிக்கவிருக்கிறோம்.

சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்தோம், பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்தோம், பயனில்லை. தந்தை கடலில் இருக்கிறார், தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. 'உடனடி' பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே வாகனத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர்கள், பெற்றோர் உடன் வராத நிலையில் சிகிச்சைக்கான ஒப்புதலை எப்படிப் பெற்றீர்கள்?