கூரைக்கான யூ மதிப்பு: ‘கடத்துதிறன்’ என்றே விட்டுவிடலாமா?

எழுதியவர்: வரைபலகை

எல்லோருக்கும் வணக்கம். வீடுகளுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018-இன் கூரைப் பகுதியை மேஸ்திரிகளுக்கும் சின்ன ஒப்பந்ததாரர்களுக்கும் புரியும்படி நாலு பக்கத் தமிழ்க் கையேடாக எழுதுகிறேன். குடியிருப்புக் கூரைக்கு அதில் ஒரே ஒரு வரம்புதான்: யூ மதிப்பு, அதாவது கூரை வழியே எவ்வளவு வெப்பம் கடந்து வருகிறது என்ற அளவு, 1.2-ஐத் தாண்டக்கூடாது. இந்த யூ மதிப்புக்கு ஒரு சொல் வேண்டும்.

முதல் வரைவில் ‘வெப்பக் கடத்துதிறன்’ என்று போட்டேன். பொருள் அட்டவணையில் தெர்மோகோல், கான்கிரீட், ஓடு ஆகியவற்றுக்கு நேராகவும் அதே சொல்தான் இருந்தது. வேலை நடக்கும் ஓர் இடத்தில் அந்த வரைவைக் கொடுத்திருந்தேன். அங்கே வந்த விற்பனையாளர் ஒருவர் 10 மி.மீ. தெர்மோகோல் பலகையைக் காட்டி, “இதோட கடத்துதிறன் 0.035. உங்க புத்தகத்துல வரம்பு 1.2. முப்பது மடங்குக்கு மேல நல்லது” என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரும் வாங்கிவிட்டார். தப்பு என்னுடையது. ஒரே சொல்லால் இரண்டு வேறு அளவுகளைக் குறித்துவிட்டேன்.

எழுதியவர்: வேர்ச்சொல்

புதுச்சொல்லே தேவையில்லை என்பது என் கருத்து. ‘கூரைக் கடத்துதிறன்’, ‘சுவர்க் கடத்துதிறன்’ என்று முன்னால் ஓர் அடை சேர்த்தால் போதாதா? பள்ளிப் பாடத்தில் படித்த சொல், யாரும் மிரளமாட்டார்கள்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். உள்பூச்சு 12 மி.மீ., கான்கிரீட் 150, மேலே சுண்ணாம்பு ஜல்லி 75, தட்டோடு 20. ஒவ்வொன்றின் தடிமனையும் மீட்டராக்கி, அதன் கடத்துதிறனால் வகுத்துக் கூட்டினால் 0.239 வருகிறது. தலைகீழாக்கினால் 4.18. அந்தப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூரை தேறாது போலிருக்கிறதே!

எழுதியவர்: மொட்டைமாடி

நான் மேல்மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கும் மின்விசிறி சூட்டைத்தான் அள்ளிப் போடுகிறது. போன வருடம் மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தேன், கொஞ்சம் தேவலை. என் யூ மதிப்பு இப்போது எவ்வளவு குறைந்திருக்கும்?

சொல் என்று பார்த்தால், எங்கள் மேஸ்திரி ‘சூடு இறங்குது’ என்பார். ‘சூடிறங்கு எண்’ என்று வைத்துக்கொள்ளலாமே.

எழுதியவர்: உஷ்ணமானி

வேர்ச்சொல் ஐயா பாதி வழி சரியாக வந்திருக்கிறார். தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தால் வருவது வெப்பத் தடை, கூட்ட வேண்டியது அந்தத் தடைகளைத்தான். ஆனால் அவர் காற்றை விட்டுவிட்டார். கூரையின் உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்துக்கும் தடை உண்டு. சென்னை போன்ற வெப்ப ஈரக் காலநிலையில் கூரைக்கு உள்ளே 0.17, வெளியே 0.04 என்று தொகுப்பே கொடுத்திருக்கிறது. அவற்றைச் சேர்த்தால் கணக்கு இப்படி:

```
R = 0.17 + 0.012/0.721 + 0.15/1.58 + 0.075/0.73 + 0.02/0.798 + 0.04
R = 0.449
U = 1/R = 2.23 W/m²K
```

வெறும் கூரை 2.23, அதாவது தேறாது. விற்பனையாளரின் 10 மி.மீ. பலகை 0.286 தடையைத் தரும். மொத்தம் 0.735, யூ மதிப்பு 1.36. அதுவும் தேறாது. 1.2-க்கு இறங்க 0.833 தடை வேண்டும். குறைவது 0.384, அதை 0.035-ஆல் பெருக்கினால் 13.4 மி.மீ. ஆகவே 25 மி.மீ. பலகை போட்டால் 0.86 வரும், தாராளமாகத் தேறும். தடிமனை மீட்டராக்க மறந்தால் விடை அபத்தமாக வரும், உடனே தெரிந்துவிடும். காற்றுப் படலத்தை மறந்தால்தான் ஆபத்து. நம்பும்படியான ஒரு தவறான எண் கையில் நிற்கும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். 0.035 தெர்மோகோலின் குணம். ஒரு மி.மீ. வெட்டினாலும் ஒரு மீட்டர் அடுக்கினாலும் அது மாறாது. 1.2 என்பதோ வெளிக்காற்றிலிருந்து உள்காற்று வரை நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் தாண்டி வருவதன் அளவு. அலகே வேறு: முன்னதில் மீட்டர், பின்னதில் சதுர மீட்டர். ‘கூரைக் கடத்துதிறன்’ என்றால் மறுபடியும் ஒரு பொருளின் குணம் என்றுதான் படிப்பார்கள். நான் முன்வைப்பது ‘வெப்பக் கடப்பெண்’. கடந்து வருவது.

மொட்டைமாடிக்கு: உங்கள் யூ மதிப்பு துளியும் குறையவில்லை. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் தளம் அவ்வளவு காய்வதில்லை. பலன் உண்மைதான், ஆனால் அது இந்த எண்ணுக்குள் வராது. ராத்திரிச் சூடும் அப்படியே. பகலில் கான்கிரீட் சேர்த்துவைத்ததை இரவில் விடுகிறது. அந்தத் தாமதத்தையும் யூ மதிப்பு சொல்லாது.

எழுதியவர்: வேர்ச்சொல்

காற்றை விட்டது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘சூடிறங்கு எண்’ வேண்டாம். காய்ச்சல் விட்டாலும் ‘சூடு இறங்கிடுச்சு’ என்கிறோம். எண் கூடினால் வீடு குளிரும் என்று யாராவது நினைப்பார்கள். அப்புறம் சுவரில் சூடு எங்கே இறங்குகிறது?

‘கடப்பெண்’ணிலும் எனக்கு ஒரு சங்கடம். ‘கடத்து’, ‘கடப்பு’ இரண்டும் ஒரே வேர், அட்டவணையில் அடுத்தடுத்து நின்றால் கண் ஏமாறும். ‘ஊடு’ சேர்த்து ‘வெப்ப ஊடுகை எண்’ என்றால்?

எழுதியவர்: மொட்டைமாடி

‘ஊடுகை’ என்றதும் எனக்கு ஊடல்தான் ஞாபகம் வருகிறது.

எழுதியவர்: வரைபலகை

நேற்று இரண்டு சொற்களையும் தளத்தில் படித்துக் காட்டினேன். ‘கடப்பெண்’ என்றதும் மேஸ்திரி “கடப்பா கல்லா?” என்றார். சரி, அதைக்கூடச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். ‘ஊடுகை’யை அவரால் வாய்க்குள் நுழைக்க முடியவில்லை.

சுவரிலும் இதே பொறி இருப்பதைக் கவனித்தேன். 2017 எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பில், பரப்பு 10,000 சதுர மீட்டருக்குக் குறைந்த அலுவலகக் கட்டடத்தின் சுவருக்கு வெப்ப ஈரப் பகுதியில் வரம்பு 0.63. ஏஏசி பிளாக்கின் கடத்துதிறன் 0.184. தேறிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். 200 மி.மீ. பிளாக், இரு பக்கமும் 12 மி.மீ. பூச்சு, சுவருக்கான காற்றுத் தடை 0.13, 0.04 எல்லாம் சேர்த்துப் போட்டால் 0.78 வருகிறது. தேறவில்லை. உஷ்ணமானி அண்ணா, இது சரிதானா?

எழுதியவர்: உஷ்ணமானி

சரிதான். குடியிருப்புக் கையேட்டில் மட்டும் இந்தச் சுவர்க் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் வீட்டுச் சுவருக்குத் தனி யூ வரம்பு கிடையாது. சுவர், சன்னல், நிழல் எல்லாவற்றையும் சேர்த்து சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற வேறோர் அளவு இருக்கிறது. அதற்கும் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும், அது இன்னும் பெரிய தலைவலி.

ஒன்று செய்யுங்கள். அட்டவணையில் பொருளுக்கு ‘கடத்துதிறன்’, கூரைக்கு ‘கடப்பெண் (U)’ என்று எழுத்தையும் சேர்த்தே போடுங்கள். இரண்டுக்கும் பக்கத்தில் அலகு இருக்கட்டும். அலகு இல்லாமல் யார் எண் சொன்னாலும் கேள்வி கேட்கும்படி முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எழுதியவர்: வேர்ச்சொல்

‘கடப்பெண்’ணுக்கு நான் இன்னும் கைதூக்கவில்லை. அச்சுக்குப் போகும் தேதி என்ன?

எழுதியவர்: வரைபலகை

வெள்ளிக்கிழமை, ஐயா. அதுவரை கூரைப் பக்கத்தில் ‘கடப்பெண் (U)’ என்றே இருக்கும். 10 மி.மீ. பலகை வாங்கியவரிடம் பேசிவிட்டேன். இன்னும் ஒட்டவில்லையாம், அதன் மேலேயே 15 மி.மீ. சேர்த்துப் போடப்போகிறார்.