வில் நீளம் பூஜ்ஜியம் என்று வருகிறது, எங்கே தவறு?

இளவேனில்:
வணக்கம். x = t², y = t³ என்ற வளைவரையில் t = −1 முதல் t = 1 வரை நீளம் காண வேண்டும். வகையிட்டால் x' = 2t, y' = 3t². ஆகவே

ds/dt = √(4t² + 9t⁴) = t√(4 + 9t²)

இதைத் தொகையிட்டால் (4 + 9t²)^(3/2) / 27 கிடைக்கிறது. t = 1, t = −1 இரண்டிலும் இதன் மதிப்பு ஒன்றேதான், அதனால் கழித்தால் 0. வளைவரை கண்ணெதிரே (1, −1)-இல் தொடங்கி, ஆதிப்புள்ளிக்கு வந்து, (1, 1)-க்குப் போகிறது. நீளம் எப்படி 0 ஆகும்? தொகையிடலைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன், அதில் பிழை தெரியவில்லை.

முகில்:
ஆதிப்புள்ளியில் கூர்முனை இருக்கிறது தம்பி. அங்கே s(t) வகையிட முடியாத சார்பு, அதனால்தான் இந்தக் குழப்பம். 0 முதல் 1 வரை மட்டும் கண்டுபிடித்து இரண்டால் பெருக்கிவிடுங்கள். (13√13 − 8)/27, அதாவது சுமார் 1.4397. இரண்டு மடங்கு 2.8794. முடிந்தது.

இளவேனில்:
நன்றி அண்ணா. ஆனால் −1 முதல் 2 வரை கேட்டால் இரண்டால் பெருக்க முடியாதே? என் சூத்திரத்தில் போட்டால் 7.6337 வருகிறது. பூஜ்ஜியம் இல்லை என்பதால் அது சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

மாறிலி:
7.6337-உம் தவறு. தொகையிடாமலே அதைக் காட்டிவிடலாம். t = −1-இல் புள்ளி (1, −1), t = 2-இல் (4, 8). இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் √90, கிட்டத்தட்ட 9.49. வளைந்து போகும் பாதை நேர்கோட்டை விடக் குறைவாக இருக்க வழியே இல்லை. வில் நீளம் கண்டதும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். பூஜ்ஜியம் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 7.63 மாதிரி விடை வந்தால் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம்.

பிழை தொகையிடலில் இல்லை, அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது. √(t²) என்பது t அல்ல, |t|. சரியான வரி

ds/dt = |t|√(4 + 9t²)

நீங்கள் எழுதியதில் t = −0.5 போட்டுப் பாருங்கள், குறை எண் வரும். ds/dt என்பது வேகம், திசைவேகத்தின் அளவு. வண்டி முன்னால் போனாலும் திரும்பி வந்தாலும் கிலோமீட்டர் மீட்டர் ஏறத்தானே வேண்டும்? உங்கள் சூத்திரம் t < 0 பகுதி முழுக்க மீட்டரைக் குறைத்துக்கொண்டே வருகிறது. பிறகு t > 0-இல் அதே அளவு ஏற்றுகிறது. அதனால்தான் 0.

−1 முதல் 2 வரை வேண்டுமென்றால் 0-இல் பிரித்துக் கூட்டுங்கள். இடப்பக்கம் 1.4397. வலப்பக்கம் (40√40 − 8)/27, அதாவது 9.0734. மொத்தம் 10.5131. 9.49-ஐ விட அதிகம், ஆனால் வெகுதூரம் இல்லை. இந்த வடிவத்துக்கு அது பொருந்துகிறது.

முகில் சொன்ன விடை சரி, பிரிக்க வேண்டும் என்பதும் சரி. காரணம்தான் வேறு. s(t) ஆதிப்புள்ளியிலும் வகையிடத் தக்கதே, அங்கே ds/dt = 0. வேகம் தொடர்ச்சியாக இருக்கும் வரை, அதன் தொகையான s-ஐ எந்தப் புள்ளியிலும் வகையிடலாம். |t|-க்கு 0-இல் முனை இருப்பதால் s-இன் இரண்டாம் வகைக்கெழுதான் அங்கே இல்லாமல் போகிறது.

முகில்:
ஏற்கிறேன், இரண்டையும் கலந்துவிட்டேன். ஆனால் ஒன்று. ds/dt எப்போதும் நேர் எண் என்பதால் s-ஐத் தலைகீழாக்கி t-ஐ s-இன் சார்பாக எழுதலாம் இல்லையா? அப்படிச் செய்தால் சீரான வேகம் வந்துவிடும்.

கடைசல்:
என் பிரச்சினையும் இதேதான் போலிருக்கிறது. விளையாட்டு ஒன்றில் பெசியர் வளைவில் ஒரு படகை ஓட்டுகிறேன். தொடக்கத்தில் படகு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அப்புறம் வேகமெடுக்கிறது. படகின் மூக்கைத் திருப்பத் திசைவேகத்தை அதன் நீளத்தால் வகுக்கிறேன், முதல் பிரேமிலேயே NaN. என் வளைவிலும் கூர்முனை இருக்கிறது என்று அர்த்தமா?

மாறிலி:
கடைசல், முதல் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். முப்படி பெசியருக்குத் தொடக்கத்தில் திசைவேகம் 3(P₁ − P₀). இரண்டும் ஒன்றானால் அது பூஜ்ஜிய வெக்டர், நீளத்தால் வகுத்தால் 0/0. இது கூர்முனை அல்ல. பாதை ஒழுங்காகத்தான் கிளம்புகிறது, t கொடுக்கும் வேகம்தான் அங்கே பூஜ்ஜியம். மூக்கின் திசைக்கு P₂ − P₀-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

இளவேனிலின் வளைவரையில் கதை வேறு. t < 0-இல் புள்ளி இடப்பக்கமாக வந்து, ஆதிப்புள்ளியில் நின்று, வலப்பக்கமாகத் திரும்பிப் போகிறது. திசை அப்படியே எதிராக மாறுகிறது. x, y இரண்டின் வகைக்கெழுக்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டுமென்றால், எந்தத் துணையலகைப் போட்டாலும் அங்கே வேகம் 0 ஆகியே தீரும்.

முகில், "எப்போதும் நேர் எண்" என்பதில் t = 0 விடுபடுகிறது. ஒரே ஒரு புள்ளியில் 0 ஆனாலும் s ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே தலைகீழாக்கலாம். ஆனால் dt/ds = 1/(ds/dt), அது அங்கே எல்லையில்லாமல் போகிறது.

இளவேனில்:
இப்போது புரிகிறது! அடுத்து, இந்த வளைவரையில் சம தூரத்தில் புள்ளிகள் குறிக்க வேண்டும். t-ஐச் சமமாகக் கூட்டினால் ஆதிப்புள்ளி அருகே எல்லாம் நெருங்கிக் குவிகின்றன. நியூட்டன் முறையில் முயன்றேன்:

```python
t = 0.0
for _ in range(20):
    t = t - (s(t) - target) / speed(t)
```

முதல் சுற்றிலேயே ZeroDivisionError.

மாறிலி:
நீங்கள் தொடங்கிய இடமே வேகம் 0 ஆன இடம். t = 1-இல் தொடங்கினால் வலப்பக்கப் புள்ளிகளுக்கு ஒழுங்காக வரும், ஆனால் ஆதிப்புள்ளியை நெருங்க நெருங்க மெதுவாகும். அங்கே s ஏறக்குறைய t² போல நடந்துகொள்கிறது. 0.01 நீளம் நகர t ஏறக்குறைய 0.1 நகர வேண்டும்.

இந்த வளைவரைக்கு நியூட்டன் முறையே வேண்டாம். வில்லியம் நீல் 1657-லேயே நீளம் கண்ட வளைவரை இது. s-ஐக் கூர்முனையிலிருந்து அளந்தால் நேராகத் தலைகீழாக்கலாம்:

t = √( ((27s + 8)^(2/3) − 4) / 9 )

0 முதல் 1 வரையிலான நீளத்தில் பாதி 0.7199. அதைப் போட்டால் t = 0.7525 வரும், 0.5 அல்ல. இடப்பக்கத்துக்கு t-இன் குறியை மாற்றினால் போதும். தொகையீடு இப்படி அழகாக அமையாத வளைவரைக்கு இருசமக்கூறிடல் மெதுவானாலும் பூஜ்ஜிய வேகத்தில் உடையாது.

கடைசல்:
P₀, P₁ ஒரே இடத்தில்தான் இருந்தன. P₂ − P₀ வைத்ததும் NaN போய்விட்டது. ஆனால் இளவேனிலின் வளைவரையில் என் படகு சீரான வேகத்தில் போனால் கூர்முனையில் என்ன ஆகும்? ஒரு நொடியும் நிற்காமல் நேர் எதிராகத் திரும்ப வேண்டுமே?

மாறிலி:
ஆமாம், வேக அளவு 1-ஆகவே இருக்கும், திசைவேகம் ஒரே கணத்தில் எதிராகத் துள்ளும். கூர்முனையை நெருங்கும்போதே வளைமை எல்லையில்லாமல் ஏறுகிறது, கூடவே முடுக்கமும். திரையில் அப்படி ஓட்டலாம், நிஜ எந்திரத்தால் முடியாது. எந்த இடத்திலிருந்து வேகத்தைக் குறைக்கத் தொடங்குவது என்பது உங்கள் படகு தாங்கும் முடுக்கத்தைப் பொறுத்தது.

கடைசல்:
அந்த வரம்பை எவ்வளவு வைப்பது என்றுதான் தெரியவில்லை. படகுக்கு நிறையே கொடுக்கவில்லை. யாராவது இப்படிச் செய்திருந்தால் சொல்லுங்கள்.