புதுப்பிப்பு: 'அச்சகத்தின் கடைசி இரவு' கதையின் முடிவை மாற்றிவிட்டேன்

"காலையில் மெஷினையே ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள், அப்புறம் எதற்கு அவர் பிளேட்டுக்குக் கம் போடுகிறார்?" கதையில் மெஷின் ஓட்டுபவர், பிளேட் என்கிற அச்சுத் தகட்டில் கம் என்கிற பிசின் கரைசலைப் பூசுவதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டது இது.

துருப்பிடிக்காமல் இருக்கத்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார், அது பாதி சரி. ஆப்செட் ஓட்டியே தலை நரைத்த அண்ணன் ஒருவர் விளக்கினார்: கம் பூசாமல் விட்டால் அலுமினியத்தில் காற்றுப் பட்டு, எழுத்தில்லாத இடம் தண்ணீரை விட்டுவிட்டு மையைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை ஓட்டும்போது தாள் முழுக்க அழுக்குத்தான்.

சரி, புது முடிவு. ரோலரைக் கழுவி, மையைத் தாளில் பதிக்கும் ரப்பர் பிளாங்கெட்டைத் துடைத்ததும், ஸ்பாஞ்சால் கம்மை மெல்லிசாகத் தடவி, திட்டு நிற்காமல் துணியால் தேய்த்துக் காயவிடுகிறார். பிறகு பிளேட்டைக் கழற்றித் தாளில் சுற்றி, மேலே வேலையின் பெயரை எழுதுகிறார். யாரிடம் கொடுப்பார் என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை.